26 டிசம்பர் சூரிய கிரகணம்: 10.47க்கு உச்சம்னு செய்தி. நம்ம ஊருக்கு அது சரியா?

சாந்தி டீச்சர், வேடசந்தூர்
22 டிசம்பர் 2019, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை வளையச் சூரிய கிரகணம் வருது. நம்ம திண்டுக்கல் மாவட்டம் வளையம் தெரியுற பாதையிலேயே இருக்கு. இன்னைக்குப் பேப்பர்ல வந்த செய்தி: "கிரகணம் காலை 8 மணிக்குத் தொடங்கும். 10.47க்கு உச்சம். பகல் 1.36க்கு முடியும். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, தகுந்த கண்ணாடி அணிந்து பார்க்கலாம்." அவ்வளவுதான்.

அரையாண்டு லீவுதான், ஆனாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைங்க அறுபது பேர் வரைக்கும் வரேன்னு சொல்லியிருக்காங்க. பள்ளிக்கூட மைதானத்துல கூடலாம்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சாவியும் வாங்கிட்டேன். 10.30க்கு வரச் சொல்லலாம்னு இருந்தேன். வீட்டு காலண்டர்ல பார்த்தா 8.08லிருந்து 11.19னு போட்டிருக்கு. எது சரி? இன்னொன்னு, கண்ணாடி பத்துதான் கிடைச்சிருக்கு. அறுபது பேருக்கு எப்படிக் காட்டுறது?

ரவி, சென்னை
22 டிசம்பர், இரவு 9.05

டீச்சர், பேப்பர்ல போட்டது இந்திய நேரம்தான், அதனால 10.47ஐ நம்பலாம். காலண்டர் பஞ்சாங்கக் கணக்கு, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

கண்ணாடி பத்து போதும். 2017ல அமெரிக்காவுல கிரகணம் வந்தப்ப நிறைய படிச்சேன். முழுசா மறைச்சதும் கண்ணாடியைக் கழட்டிட்டு வெறும் கண்ணாலயே பார்க்கலாம்னு அங்க விஞ்ஞானிகளே சொல்லியிருந்தாங்க. அதனால வளையம் வர வரைக்கும் கண்ணாடியை மாத்தி மாத்திக் குடுங்க. வளையம் வந்த மூணு நிமிஷம் எல்லாரும் ஒண்ணா நேராவே பார்த்துக்கலாம்.

செல்வா, ஜூரோங்
22 டிசம்பர், இரவு 9.48

ரவி, நேரம் கொஞ்சம் இடிக்குது. எங்களுக்கு சிங்கப்பூர்ல வளையம் பகல் 1.22க்கு, ரெண்டு நிமிஷம் தெரியும்னு போட்டிருக்காங்க. இந்திய நேரத்துக்கு மாத்தினா 10.52. அந்த 10.47க்கு அஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம். நிழல் அந்த நேரத்துல எங்க பக்கம் இருந்தா திண்டுக்கல்லுலயும் எப்படி இருக்கும்?

வான்நோக்கி
22 டிசம்பர், இரவு 10.20

செல்வா சரியான இடத்தைப் பிடிச்சுட்டார்.

செய்தியில இருக்கிற மூணு நேரமும் உலகம் முழுமைக்குமான நேரம். 8.00ங்கிறது நிலாவோட நிழல் பூமியில எங்கேயோ முதல்ல தொடுற நேரம். 1.36 கடைசியா விலகுற நேரம். வளையத்தைக் காட்டுற நிழல் சவூதியில சூரிய உதயத்தோட தொடங்கி, ஓமன், கேரளத்தோட வடக்கு ஓரம், கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம்னு வந்து, கடலைத் தாண்டி சுமத்ரா, சிங்கப்பூர் போய், பசிபிக்ல முடியுது. 10.47ங்கிறது அந்த ஓட்டத்தோட உச்சப் புள்ளி. அது இருக்கிற இடம் சிங்கப்பூருக்கு மேற்கே, இந்தோனேசியாவுல. இந்திய நேரத்துல எழுதினதால அது இந்தியாவுல நடக்கிறதா ஆயிடாது. பேப்பருக்குக் குறிப்பு எழுதிக் குடுத்தவங்க தப்பா எழுதியிருக்க மாட்டாங்க. "உலக அளவில்"ங்கிற ஒரு சொல் செய்தி மேசையில உதிர்ந்திருக்கும்.

காலண்டர்ல இருக்கிற 8.08 முதல் 11.19 சென்னைக்கான நேரம். அதுதான் உங்களுக்குக் கிட்ட இருக்கு. கோவையில வளையம் 9.28 சுமாருக்கு, திண்டுக்கல் பக்கம் 9.30ஐ ஒட்டி. மூணு நிமிஷம் இருக்கும். சென்னையில வளையமே கிடையாது, எண்பது சதவீதத்துக்கு மேல மறைஞ்சு பிறை மாதிரிதான் தெரியும். timeanddate.com போய் உங்க ஊர்ப் பேரைத் தட்டினா நிமிஷக் கணக்கா வரும்.

10.30க்குப் பிள்ளைங்களை வரச் சொன்னீங்கன்னா, வளையம் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடிச்ச பிஸ்கட் மாதிரி ஒரு ஓரம் மட்டும்தான் மறைஞ்சிருக்கும். எட்டு மணிக்கே வரச் சொல்லுங்க. அப்ப சூரியன் தென்கிழக்குல இருக்கும், வளையம் வரும்போதும் வானத்துல பாதி உயரம்கூட ஏறியிருக்காது. மைதானத்தோட அந்தப் பக்கம் தென்னை மரமோ தண்ணித் தொட்டியோ மறைக்குதான்னு நாளைக்குக் காலையில அதே 9.30க்குப் போய் நின்னு பாருங்க. நாலு நாள்ல சூரியன் இடம் மாறாது.

ரவி சொன்ன ரெண்டாவது விஷயம் ரொம்ப ஆபத்து. அதைக் கண் சம்பந்தப்பட்டவங்க சொன்னா நல்லது.

சுடர்விழி
22 டிசம்பர், இரவு 11.02

கண் மருத்துவமனையில ஆப்டோமெட்ரிஸ்ட்டா இருக்கேன். ரவி தம்பி, தயவுசெய்து அந்த வரியை யாருக்கும் சொல்லாதீங்க.

2017ல அமெரிக்காவுல வந்தது முழு கிரகணம். நிலா சூரியனை ஒரு பொட்டு மிச்சமில்லாம மூடிடும். அந்த ஓரிரு நிமிஷம் மட்டும் வெறும் கண்ணால பார்க்கலாம், அது உண்மை. இப்ப வரது வளையம். நிலா சூரியனோட அகலத்துல நூத்துக்குத் தொண்ணூத்தேழு பங்குதான் மூடும். மிச்சம் இருக்கிற வளையம் மெல்லிசுதான், ஆனா அதுல ஒவ்வொரு புள்ளியும் உச்சி வெயில் சூரியன் அளவுக்கே சுடும். விழித்திரையில வளைய வடிவத்துலயே அது விழும். தொடக்கத்துலேர்ந்து முடிவு வரைக்கும் இந்தக் கிரகணத்துல கண்ணாடியைக் கழட்டலாம்ங்கிற நிமிஷம் ஒண்ணுகூட கிடையாது.

சாதாரண நாள்ல சூரியனைப் பார்த்தா கண் கூசி நாமளே திரும்பிக்குவோம். கிரகண நேரத்துல மொத்த வெளிச்சம் குறைஞ்சு, சாயங்காலம் மாதிரி ஆயிடும். கூச்சம் போயிடும், கண்ணின் பாப்பா வேற விரியும். பார்க்க சுகமா இருக்கும்போதுதான் சுடுது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால "எரிஞ்சா நிறுத்திக்கிறேன்"னு யாரும் நினைக்கக் கூடாது, எரியவே எரியாது.

பட்டறை முருகேசன்
23 டிசம்பர், காலை 6.30

அக்கா சொல்றது எனக்கு ஒத்து வரல. நான் இருபது வருஷமா வெல்டிங். கண்ணாடி இல்லாம ஆர்க்கைப் பார்த்தா அன்னைக்கு ராத்திரி கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். தண்ணி கொட்டும், தூங்க முடியாது. ரெண்டு நாள்ல சரியாயிடும். வலி தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? அப்புறம் டீச்சர், என்கிட்ட வெல்டிங் கண்ணாடி ஏழெட்டு இருக்கு, வேணும்னா கொண்டு வந்து தரேன்.

சுடர்விழி
23 டிசம்பர், காலை 7.15

முருகேசன் அண்ணே, உங்க அனுபவம் நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அது வேற இடம். ஆர்க்கோட புற ஊதாக் கதிர் கண்ணோட முன் பக்கத்துக் கருவிழித் தோலைப் பொசுக்குது. அங்க வலி நரம்பு நிறைய, அதனால மணல் மாதிரி உறுத்தும். தோல் புதுசா வளர்ந்துடும், ரெண்டு நாள்ல சரியாகும். சூரியனை உத்துப் பார்த்தா லென்ஸ் வழியா குவிஞ்சு பின்னாடி விழித்திரையோட நட்ட நடுவுல விழுது. நாம எழுத்துப் படிக்கிற, முகம் அடையாளம் காண்கிற இடம் அது. அங்க வலியும் இல்ல, தோல் மாதிரி மறுபடி வளரவும் வளராது.

உங்க கண்ணாடி ஓரத்துல ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். பார்த்துச் சொல்றீங்களா?

பட்டறை முருகேசன்
23 டிசம்பர், காலை 9.50

அஞ்சு கண்ணாடி 11. ரெண்டுல 10. ஒண்ணுல நம்பர் தேஞ்சு போச்சு. 11 போட்டு இப்ப வெளியில போய்ப் பார்த்தேன், சூரியன் பச்சையாத் தெரிஞ்சுது, கூசிச்சு.

சுடர்விழி
23 டிசம்பர், காலை 10.10

அப்படியே வெச்சுருங்க அண்ணே, பிள்ளைங்க கையில குடுக்க வேண்டாம். சூரியனுக்கு 14ஆம் நம்பர் வேணும். 12க்குக் கீழே கூடவே கூடாது. கூசிச்சுன்னு சொன்னீங்களே, அதுவே பதில்.

டீச்சர் கையில இருக்கிற பத்தையும் இப்படிச் சோதிங்க. மேல ISO 12312-2ங்கிற தரக் குறி இருக்கணும். ஆனா அச்சடிக்கிறது யாரும் அடிக்கலாம், அதனால வீட்டுக்குள்ள போட்டுப் பாருங்க. ட்யூப் லைட், ஜன்னல், ஆள் எதுவுமே தெரியக் கூடாது. கும்மிருட்டா இருக்கணும். ஜன்னல் வெளிச்சம் மங்கலாத் தெரிஞ்சாக்கூட அது கூலிங் கிளாஸ்தான். அப்புறம் ஒவ்வொண்ணையும் ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சு ஊசித் துளையோ மடிப்புக் கீறலோ இருக்கான்னு பாருங்க. இருந்தா வெட்டிப் போட்டுடுங்க.

அய்யாசாமி, ஓய்வு
23 டிசம்பர், பகல் 12.30

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் கிரகணம் வந்தபோது போட்டோ பிலிமை இரண்டாக மடித்து வைத்துத்தான் பார்த்தோம். எனக்கு எழுபது வயது, இன்றும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன். இந்த ஐஎஸ்ஓ எல்லாம் அப்போது ஏது? எக்ஸ்ரே பிலிம் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமே.

வான்நோக்கி
23 டிசம்பர், பகல் 1.15

ஐயா, நீங்க பார்த்தது அநேகமா முழுசா வெளிச்சம் பட்டுக் கழுவின கறுப்பு வெள்ளை பிலிம். அதுல வெள்ளித் துகள் அடர்த்தியா இருக்கும், ரெண்டு அடுக்கா மடிச்சா சூரியனைத் தாங்கும். அந்தக் காலத்துல அதைத்தான் எல்லாரும் சொல்லிக் குடுத்தாங்க. கலர் பிலிம்ல வெள்ளி மிஞ்சாது, வெறும் சாயம்தான். கண்ணுக்குக் கறுப்பாத் தெரியும், அகச்சிவப்புக் கதிர் தாராளமாப் போயிடும். எக்ஸ்ரேயில எலும்பு வெளுப்பாவும் மத்த இடம் கறுப்பாவும் திட்டுத் திட்டா இருக்கும். பிள்ளை கை நகர்ந்தா கறுப்புலேர்ந்து வெளுப்புக்கு வந்துடும். இன்னைக்கு எந்த வீட்டுல எந்த பிலிம் இருக்குன்னு நாம பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால வேண்டாம்.

தாரணி
23 டிசம்பர், மாலை 4.00

எங்க அண்ணிக்கு ஏழாம் மாசம். 1.36 வரைக்கும் சாப்பிடாம இருக்கணுமா? கோவில் நடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?

சாந்தி டீச்சர், வேடசந்தூர்
23 டிசம்பர், மாலை 4.25

தாரணி, 1.36 நமக்கான நேரமே இல்லம்மா, மேல பாருங்க. எப்படிப் பார்த்தாலும் பதினொன்னே காலை ஒட்டி முடிஞ்சுடும். ஏழாம் மாசப் பொண்ணைப் பசியோட வெச்சிருக்க வேண்டாம், இட்லியைக் குடுங்க. கோவில் நேரம் அந்தந்தக் கோவில்லதான் கேக்கணும்.

வான்நோக்கி
23 டிசம்பர், இரவு 9.30

டீச்சர், அறுபது பேருக்கு ஒரு வழி. ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி எடுங்க. அது மேல கறுப்பு அட்டை ஒட்டி, நடுவுல ஒரு சென்டிமீட்டர் வட்டம் வெட்டுங்க. வெயில்ல வெச்சு, அந்த வெளிச்சத்தைக் கதவு வழியா இருட்டான வகுப்பறைச் சுவர்ல விழ வைங்க. கண்ணாடிக்கும் சுவருக்கும் பத்து மீட்டர் இருக்கட்டும். சூரியனோட உருவம் ஒன்பது சென்டிமீட்டர் வட்டமா சுவர்ல விழும். துளை எந்த வடிவமா இருந்தாலும் தூரம் கூடினா வட்டமாத்தான் விழும், ஏன்னா அது சூரியனோட படம். எல்லாரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உக்காரலாம்.

கண்ணாடியைக் கையில பிடிச்சா ஆடும். மணல் நிரப்பின டம்ளர்ல செருகி வைங்க. சூரியன் நகர்றதால படம் சுவர்ல நகர்ந்துகிட்டே இருக்கும். ரெண்டு நிமிஷத்துல தன்னோட அகலம் அளவு தள்ளிப் போயிடும். ஒருத்தர் டம்ளர் பக்கத்துலயே உக்காந்து திருப்பணும். கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பிள்ளைங்க நடக்காம பார்த்துக்கோங்க, அந்த வெளிச்சத்துக்கு எதிர் நின்னாலும் கண்ணுக்கு ஆகாது.

நாளைக்கே ஒத்திகை பாருங்க. முழுச் சூரியனுக்குப் பளிச்சுன்னு விழும். அதை நம்பி ஜன்னலைத் திறந்து வெச்சுடாதீங்க. வளையம் வரும்போது வெளிச்சம் பதினாறுல ஒரு பங்காயிடும், சுவர்ல மங்கிடும். அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லது.

யாழ்வாணன்
25 டிசம்பர், மாலை 6.10

எங்கட பக்கம் நாளைக்கு 9.35 அளவில வளையம். இரண்டு நாளா மழை இருட்டு. முகில் மூடினா என்ன செய்யிறது? மெல்லிய முகிலுக்குள்ளால வெறும் கண்ணால பார்க்கலாமோ?

சுடர்விழி
25 டிசம்பர், மாலை 6.40

பார்க்கக் கூடாது ஐயா. மேகத்துக்குப் பின்னால சூரியனோட ஓரம் கூர்மையாத் தெரிஞ்சா, விழித்திரையிலயும் அது அவ்வளவு கூர்மையாத்தான் விழும். மேகம் எந்த நொடி விலகும்னு யாருக்கும் தெரியாது. கண்ணாடி போட்டு ஒண்ணும் தெரியலைன்னா, அந்த நேரத்துக்கு ஒண்ணும் தெரியல, அவ்வளவுதான்.

சாந்தி டீச்சர், வேடசந்தூர்
26 டிசம்பர், பகல் 12.20

பார்த்தோம்! எழுபத்து மூணு பிள்ளைங்க, கூடவே அம்மாக்கள். பத்துக் கண்ணாடியில ஒண்ணுல மடிப்புக்கிட்ட ஊசித் துளை இருந்துச்சு, கிழிச்சுப் போட்டேன். ஒன்பது கண்ணாடி வரிசையில மாறிக்கிட்டே இருந்துச்சு.

வான்நோக்கி சார் சொன்னது அப்படியே நடந்துச்சு. ஒத்திகையில சுவர்ல நிலா மாதிரி பளபளன்னு விழுந்த வட்டம், 9.25 ஆகும்போது மங்கிப் போய்ப் பிள்ளைங்க "காணோம் டீச்சர்"னு கத்தினாங்க. ஜன்னல் இடுக்குல ஹெட்மாஸ்டர் வேட்டியைத் தொங்கவிட்டாரு. உடனே தெரிஞ்சுது. பிறையோட ரெண்டு கொம்பும் நீண்டு நீண்டு வந்து ஒட்டிக்கிச்சு. வளையம் நான் நினைச்சதை விடத் தடிமனா, ஓரம் கலங்கலா இருந்துச்சு, நடுவுல இருட்டு நல்லாத் தெரிஞ்சுது. முருகேசன் அண்ணன் டம்ளரைத் திருப்பிக்கிட்டே இருந்தாரு.

வெளியில வேப்ப மரத்தடி முழுக்கச் சின்னச் சின்ன வளையம். இலை இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு துளையாயிடுச்சு. அஞ்சாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி பாவாடையை விரிச்சு அதுல வளையம் எண்ணிக்கிட்டிருந்தா.

வான்நோக்கி
26 டிசம்பர், பகல் 12.45

ஓரம் கலங்கினது ஒரு சென்டிமீட்டர் துளையால. வளையத்தோட உண்மையான தடிமன் அந்தப் படத்துல ரெண்டு மில்லிமீட்டர்கூட வராது. துளையைச் சின்னதாக்கினா கூர்மையாகும், ஆனா இன்னும் மங்கும். அறுபது பேருக்கு நீங்க வெச்ச அளவுதான் சரி.

குமரன், பல்லடம்
26 டிசம்பர், இரவு 9.15

இந்த இழையை இப்பத்தான் பார்க்கிறேன். காலையில எங்க ஊர்ல மெல்லிசா மேகம். கூசவே இல்ல, அதனால மாடியில நின்னு ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைஞ்சு நொடி, ஒரு அஞ்சாறு தடவை வெறும் கண்ணால பார்த்துட்டேன். பகல் முழுக்க ஒண்ணும் இல்ல. இப்ப போன்ல படிக்கும்போது நான் பார்க்கிற எழுத்து மட்டும் மறையுது, பக்கத்து எழுத்து தெரியுது. கண் கழுவினேன், போகல. சொட்டு மருந்து ஏதாவது போடலாமா?

சுடர்விழி
26 டிசம்பர், இரவு 9.32

சொட்டு மருந்து எதுவும் போடாதீங்க, கண்ணைக் கசக்காதீங்க. வீட்டுல பிள்ளைங்களோட கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தா எடுங்க. ஒரு பக்கத்துல நடுவுல பேனாவால புள்ளி வைங்க. படிக்கிற தூரத்துல பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு அந்தப் புள்ளியை மட்டும் பாருங்க. கோடு வளையுதா, கட்டம் எங்கயாவது காணாமப் போகுதா? அடுத்து இன்னொரு கண். ரெண்டு கண்ணும் திறந்து பார்த்தா ஒண்ணோட குறையை மத்தது மறைச்சுடும்.

குமரன், பல்லடம்
26 டிசம்பர், இரவு 9.50

இடது கண்ணுல எல்லாம் நேரா இருக்கு. வலது கண்ணுல புள்ளியே தெரியல. அதைச் சுத்தி ரெண்டு கட்டம் நெளியுது.

சுடர்விழி
26 டிசம்பர், இரவு 9.58

நாளைக்குக் காலையிலேயே விழித்திரை டாக்டர் இருக்கிற மருத்துவமனைக்குப் போங்க. கண்ணாடிக் கடையில இல்ல. சூரியனைப் பார்த்தேன், இத்தனை தடவை, இத்தனை நொடின்னு அப்படியே சொல்லுங்க. ஓசிடின்னு விழித்திரையைப் படம் பிடிக்கிற ஸ்கேன் எடுப்பாங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுத் தேதி போட்டுக் கொண்டு போங்க. இன்னைக்கு ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம்.

குமரன், பல்லடம்
28 டிசம்பர், மாலை 5.20

போயிட்டு வந்தேன். வலது கண் நடுவுல சின்னதா ஒரு வெட்டு மாதிரி ஸ்கேன்ல காட்டினாங்க. இதைச் சரி பண்ணுறதுக்குன்னு மருந்து இல்ல, பலருக்கு வாரக்கணக்குல, மாசக்கணக்குல தானா குறையும், சிலருக்குக் கொஞ்சம் நின்னுடும்னு டாக்டர் சொன்னார். எனக்கு எதுன்னு கேட்டேன், மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும்னுட்டார். நான் பனியன் கம்பெனியில செக்கிங். தையல் விட்டிருக்கிறதைப் பார்க்கிற வேலை.

ரவி, சென்னை
28 டிசம்பர், மாலை 6.05

குமரன், மனசு கஷ்டமா இருக்கு. நான் மேல எழுதினதைத் திருத்தச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியிருக்கேன். டீச்சர், அந்த ஒன்பது கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஜூன் 21ல மறுபடி கிரகணம், வடக்கே வளையம், நமக்குப் பகுதி மட்டும். மடிக்காம வெச்சா அப்ப ஆகுமா?

சுடர்விழி
28 டிசம்பர், மாலை 6.30

தட்டையா, ஒரு கவர்ல போட்டு, நோட்டுக்குள்ள வெச்சா ஆகும். அன்னைக்குக் காலையில மறுபடி ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்துட்டுக் குடுங்க.

குமரன், பல்லடம்
19 ஜனவரி 2020, காலை 10.40

கேட்டவங்களுக்காக. வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை, அதே கணக்கு நோட்டுல பார்க்கிறேன். நெளிஞ்ச கோடு நேராயிடுச்சு. புள்ளி இன்னும் தெரியல, ஆனா அது இருக்கிற இடம் கறுப்பா இல்லாம சாம்பலா இருக்கு. வேலையில இப்போதைக்கு என்னைப் பேக்கிங்குக்கு மாத்தியிருக்காங்க. மார்ச் கடைசியில ஸ்கேன்.